காவல்காரரின் இரண்டு கன்னங்கள்

என் மருமகள் என்னைத் திருடி ஆக்கிய நாளிலிருந்து என் நடையே மாறிவிட்டது. அதற்கு முன்னால் நான் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்ற ஒரு சாதாரணப் பெண்மணி. சாதாரணம் என்பது தன்னடக்கம். நான் ‘புறப்படுகிறது’ என்று சொன்னால் ஓட்டுநர் ஏறாவிட்டாலும் வண்டி தானாக நகரும் என்று அந்தக் காலத்தில் பேச்சு. பேசியது நான்தான் என்றாலும் பேச்சு பேச்சுதானே.

மருமகள் சொந்தமாக ஒரு மேசை விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். பலகையில் ஓர் அருங்காட்சியகம், நடுவே நீளமான நடைக்கூடம். ஆளுக்கொரு திருடர். ஒரு சிலையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினால் வெற்றி. கூடத்தில் ஒரு காவல்காரர் நிற்பார். அவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் நிற்கும் திருடர் மாட்டிக்கொள்வார். முதுகுக்குப் பின்னால் நிற்பவர் தப்பித்துக்கொள்வார். ‘திரும்பு’ என்று சீட்டு வந்தால் அவரைத் திருப்பி வைக்கவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அவ்வளவுதான் என்று நான் சொல்கிறேன். அவளுக்கு அது இரண்டு வருட உழைப்பு. பகலில் அலுவலகத்தில் யார் யாருக்கோ சோப்பு அட்டையும் பிஸ்கட் அட்டையும் வரைந்து கொடுத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் இதற்கு.

விளையாட்டுகளை அச்சடித்து விற்கும் ஒரு நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு அம்மாள் எப்போதாவது எங்கள் பக்கத்து விளையாட்டுக் கடைக்கு வந்து, புதிதாக யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்து ஆடிப் பார்ப்பாள். பிடித்தால் அச்சுக்குப் போகும். அவளுக்கு நான் வைத்த பெயர் தேர்வுக்காரம்மா. போனமுறை அவள் என் மருமகளின் விளையாட்டை ஆடிவிட்டு, “யோசனை நல்லா இருக்கு. ஆனா காவல்காரர் எங்க பாக்கறார்னே புரியலையே” என்று எழுந்து போய்விட்டாள். அப்போது காவல்காரர் என்பது அம்புக்குறி போட்ட ஒரு மொட்டைக் காய். அன்று வீட்டுக்கு வந்த மருமகள் சாப்பிடாமல் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். இந்தத் தடவையும் புரியவில்லை என்றால் மூன்றாவது வாய்ப்பு கிடையாது என்று கடைக்காரர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

அதனால்தான் மொட்டைக் காய்களைத் தூக்கி எறிந்துவிட்டு முகங்களை வரைந்தாள். நிஜ முகங்கள், ஆனால் நிஜம் போல அல்ல. என் முகத்தை எடுத்து, கண்ணாடிக்கு இரண்டு பெரிய வட்டம், கொண்டைக்கு ஒரு வட்டம், சிரிப்புக்கு ஒரு பிறை. முடிந்தது. அந்த நாலு கோட்டில் என் அறுபத்தைந்து வருட விஷமமும் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டு ஜன்னலைச் சாத்தினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காவல்காரருக்கு மாதிரி, அவளுடைய அப்பா. என் சம்பந்தி. பல் டாக்டர். ஊரில் பாதிப் பேரின் வாயை எட்டிப் பார்த்தவர், தன் முகத்தை மட்டும் பார்த்து அலுக்காதவர். தொப்பி ஒரு சதுரம், மூக்கு ஒரு பெரிய முக்கோணம், அதன் கீழே இரண்டு கொம்பு மாதிரி மீசை. முகம் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூக்கே அம்புக்குறியாகிவிட்டது. அறையின் கடைசியிலிருந்து பார்த்தாலும் அவர் எங்கே பார்க்கிறார் என்று தெரியும். இடது கன்னத்தில் அவருடைய பிரசித்தி பெற்ற மச்சம், மிளகு அளவுக்கு. நிஜத்திலும் மிளகு அளவுதான். அவர் அதைப் பற்றிப் பேசுவது பூசணிக்காய் அளவுக்கு.

இந்த முகங்களை நிற்க வைப்பதற்குப் பெயர் ஸ்டாண்டி. கெட்டித் தாளில் ஒரு நீளப் பட்டையாக அச்சடிக்கவேண்டும். கீழே பாதம் வைக்க ஒரு சின்ன மடிப்பு, அதன் மேலே முன்பக்க முகம், தலைக்கு மேலே ஒரு மடிப்புக் கோடு, அதற்கு மேலே பின்பக்க முகம் தலைகீழாக, கடைசியில் இன்னொரு பாத மடிப்பு. தலைக் கோட்டில் பட்டையைப் பின்னால் மடித்தால் தலைகீழாக இருந்தவர் நிமிர்ந்துவிடுவார். இரண்டு பக்கத்தையும் முதுகோடு முதுகாக ஒட்டி, பாதங்களை ஆளுக்கொரு திசையில் வெளியே மடித்து, வட்டமான தடி அட்டையில் ஒட்டினால் ஆள் நிற்பார். அட்டை வட்டம் இரண்டு அடுக்கு. நடுவே ஒரு இரும்பு வாஷர். அது இல்லாவிட்டால் யாராவது தும்மினாலே அருங்காட்சியகம் மொத்தமும் மல்லாந்துவிடும்.

மடிப்பு வேலை எனக்கு. மை தீர்ந்த பேனாவும் இரும்பு ஸ்கேலும் கொடுத்தாள். கோட்டின் மேல் ஸ்கேலை வைத்து, பேனாவால் அழுத்தி ஒரு பள்ளம் இழுத்துவிட்டுத்தான் மடிக்கவேண்டும். அப்படியே மடித்தால் தாள் நார் நாராகப் பிளந்து, தலை உச்சியில் மை உதிர்ந்து வெள்ளையாகிவிடும். முதல் ஆளை நான் அப்படியே மடித்தேன். என் கொண்டை நரைத்துவிட்டது.

“அத்தை, உங்களுக்கு நீங்களே வயசைக் கூட்டிக்காதீங்க” என்றாள் மருமகள்.

“அது அனுபவம்மா. திருட்டுத் தொழில்ல அதுக்குத் தனி மரியாதை.”

அதற்குப் பிறகு நான் இழுத்த கோடுகளைப் பார்த்துத்தான் நெடுஞ்சாலைகளை நேராகப் போட ஆரம்பித்தார்கள்.

கடைக்குப் போவதற்கு முந்தின நாள் மாலை சம்பந்தி வந்தார். ஒட்டி முடித்த தன்னை மேசையிலிருந்து எடுத்து, முன்பக்கம் பார்த்தார். முகம் மலர்ந்தது. திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பூச்சிப்பல்லைப் பார்த்தவர் போல ஆனார்.

“இது யாரும்மா?”

“நீங்கதாம்ப்பா.”

“நானா? மச்சம் எங்க இருக்கு பாரு. வலது கன்னத்துல! எனக்கு இடது கன்னம். ஊருக்கே தெரியும்.”

“ஊருக்குத் தெரியாம இருக்க நீங்க விட்டாத்தானே” என்றேன் நான்.

“சம்பந்தியம்மா, நீங்க சும்மா இருங்க. இது முகம் சம்பந்தப்பட்ட விஷயம்.”

மருமகள் பொறுமையாகச் சொன்னாள். “அப்பா, பின்பக்கம் முன்பக்கத்தோட கண்ணாடிப் பிம்பம். தலைக் கோடுதான் கண்ணாடி. அப்படித்தான் போடணும். அதனால மச்சமும் பக்கம் மாறிடுச்சு.”

“கண்ணாடிப் பிம்பம் வேண்டாம், நானே வேணும். ரெண்டு பக்கமும் ஒரே நான். இல்லேன்னா அந்தத் தொப்பியை உன் மாமியாருக்கே மாட்டிவிட்டுடு.”

“எனக்கு ஆட்சேபணை இல்லை” என்றேன். “ஆனா திருடியே காவல் காத்தா விளையாட்டு சீக்கிரம் முடிஞ்சுடும்.”

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் சீட்டுகளை நறுக்கவேண்டும், பெட்டியை ஒட்டவேண்டும். அப்பாவோ காபியைத் தொடாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். பெண்ணைப் பெற்றவர்களின் கோபம் இருக்கிறதே, அதற்கு வாய் கிடையாது, முதுகு மட்டும்தான். அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து அவள் இளகினாள். கணினியில் பிம்பத்தை அழித்துவிட்டு, முன்பக்க முகத்தையே அப்படியே நகலெடுத்து, அரை வட்டம் சுற்றித் தலைகீழாக்கி வைத்தாள். ஒரு தாளில் இரண்டு காவல்காரர், ஒன்று கெட்டால் இன்னொன்று. அச்சடித்து, நான் கோடு இழுத்து, ஒட்டி, தடிப் புத்தகத்தின் அடியில் வைத்தோம். காலையில் எடுத்தால் இரண்டு பக்கமும் ஒரே முகம், ஒரே மச்சம், ஒரே கன்னம். சம்பந்தி தன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுதான் நான்” என்றார்.

கடையில் கண்ணாடிக் கதவை ஒட்டி எங்களுக்கு மேசை. தேர்வுக்காரம்மா வந்து உட்கார்ந்தாள். ஒல்லியான உருவம், பேனாவை மூடியோடு விரலில் சுழற்றுகிற பழக்கம். அவளுக்கு எதிரே நான். விளையாட்டை ஆடிக் காட்ட ஓர் ஆள் வேண்டும், அந்த வேலைக்கு உலகத்திலேயே என்னைவிடத் தகுதியானவர் இல்லை என்று நானே சொல்லியிருந்தேன். பக்கத்தில் மருமகள் நின்றாள். சம்பந்தி பின்னால் கைகட்டி நின்றார், தன் சிலையைத் திறந்து வைக்க வந்தவர் போல.

ஆட்டம் அருமையாகப் போயிற்று. தேர்வுக்காரம்மா இரண்டு முறை சிரித்தாள். அவள் சிரித்து அந்தக் கடை பார்த்ததில்லை. நடைக்கூடத்தின் ஒரு கோடியில் அவளுடைய திருடர், அவளுக்கு வலது பக்கம். மறு கோடியில் என் திருடி, எனக்கு வலது பக்கம். நடுவில் சம்பந்தி மீசையோடு நிற்கிறார்.

தேர்வுக்காரம்மா மேசையைத் தட்டினாள். “மாட்டிக்கிட்டீங்க! உங்க திருடியைத்தான் பாக்கறார்.”

“என்னையா? உங்களைத்தானே பாக்கறார்?” என்றேன்.

“என் இடது பக்கம் பாக்கறார். அங்கதான் நீங்க இருக்கீங்க.”

“என் இடது பக்கம் பாக்கறார். அங்கதான் நீங்க இருக்கீங்க!”

இரண்டு பேரும் சொன்னது உண்மை. நான் எட்டிப் பார்த்தேன், அவளும் எட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கத்திலும் ஒரே முகம் என்றால் மேசைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அவர் உங்கள் இடது பக்கம்தான் பார்ப்பார். ஒரே நேரத்தில் ஒரு மனுஷன் கிழக்கையும் மேற்கையும் முறைத்துக்கொண்டிருந்தார்.

“சரி, ‘திரும்பு’ சீட்டு இருக்கு, போட்டுப் பாப்போம்” என்று தேர்வுக்காரம்மா அவரைத் திருப்பி வைத்தாள். இடது பக்கம். மறுபடி திருப்பினாள். இடது பக்கம். தட்டாமாலை சுற்றினாலும் இடது பக்கம்தான்.

அவள் பேனாவைச் சுழற்றுவதை நிறுத்தினாள். “போன தடவை சொன்னதுதான். காவல்காரர் எங்க பாக்கறார்னு தெரியலை.”

மருமகளின் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தில் பாத்திரம் கழுவுகிற களை வந்துகொண்டிருந்தது. பின்னால் சம்பந்தி, தன்னால்தான் என்று புரிந்து, கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

நான் வாயைத் திறந்து ஏதாவது பெரிய பொய்யாக எடுத்து விடலாம் என்று நினைப்பதற்குள் மருமகள் பேசிவிட்டாள்.

“விளையாட்டுல தப்பு இல்லை மேடம். பின்பக்கம் தப்பாப் போட்டுட்டேன். பக்கத்து மேசையில ஒரு ஆட்டம் பாத்துட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. அதுக்குள்ள சரியாயிடும்.”

“இங்கயா? பிரின்டர்கூட இல்லையே.”

“கை இருக்கு மேடம்.”

அதைச் சொன்ன விதம் இருக்கிறதே! ஒலிபெருக்கி இல்லாமலே என் முதுகுத்தண்டு வரைக்கும் கேட்டது.

தேர்வுக்காரம்மா தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். மருமகள் பையிலிருந்து தாளின் மிச்சத்தை எடுத்தாள்; அதில் இரண்டாவது காவல்காரர் வெட்டாமல் இருந்தார். அந்த முகத்தை மட்டும் கத்தரித்து, கண்ணாடிக் கதவில் குப்புறச் சாத்திப் பிடித்தாள். வெளியே நல்ல வெயில். தாளின் வெள்ளை முதுகில் தொப்பியும் மூக்கும் மீசையும் நிழலாய்த் தெரிந்தன. எல்லாம் தடித்த கோடுகள், மொத்தமே ஒரு கைப்பிடிக் கோடுகள். மயிரிழை மயிரிழையாக வரைந்த படமாக இருந்திருந்தால் அன்று முழுக்க அந்தக் கதவிலேயே நின்றிருப்போம். நிழல் இப்போது வலது பக்கம் பார்த்தது.

“அத்தை, மேல் ஓரத்தைப் பிடிங்க. அசையக்கூடாது.”

நான் அசையவில்லை. மூச்சும் விடவில்லை. கதவைத் திறந்து உள்ளே வர நினைத்தவர்களைக் கண்ணாலேயே அடுத்த ஊருக்கு அனுப்பினேன். கறுப்புப் பேனாவால் அவள் நிழலின் மேலேயே இழுத்தாள். தொப்பி, மூக்கு. கன்னத்துக்கு வந்தபோது சம்பந்தி பக்கத்தில் வந்து நின்றார். அந்த நிலைமையிலும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

“அம்மாடி… மச்சம் மறுபடியும் வலது கன்னத்துக்குத்தானே வரும்?”

“டாக்டர்!” என்றேன். “உங்க மச்சத்தைப் பிடுங்கறதுக்கு உங்க கிளினிக்லயே சாமான் இருக்கு. ஞாபகம் வெச்சுக்குங்க.”

மருமகளின் பேனா நின்றது. கதவிலிருந்து தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. வாத்தியார் கணக்குப் போட்டு முடிக்குமுன்னே விடை தெரிந்துவிட்ட பிள்ளையின் பார்வை அது.

“அப்பா, அந்த அலமாரியைப் பாத்து நில்லுங்க. அசையாதீங்க.”

அவர் நின்றார். அவள் ஒரு பக்கம் நின்று பார்த்தாள். “இடது கன்னம். மச்சம் இருக்கு.” சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். “வலது கன்னம். மச்சம் இல்லை.”

“இல்லைதான். அதைத்தானே நானும்…”

“அப்பா, நீங்க அலமாரியைத்தான் பாக்கறீங்க. அந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் அலமாரி, இந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் அலமாரி. ஆனா இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு உங்க வலது கன்னம் மட்டும்தான் தெரியும். அப்ப பின்பக்கம் திருப்பிப் போடணும், மச்சத்தை மட்டும் விட்டுடணும். நேத்து நானும் சரியில்லை, நீங்களும் சரியில்லை.”

சம்பந்தி அலமாரியையே பார்த்துக்கொண்டு இதை ஜீரணித்தார். “அதாவது, ரெண்டு பக்கமும் நான்தான்.”

“ரெண்டு பக்கமும் நீங்கதான். ஒரே நீங்க இல்லை.”

நான் சொல்கிறேன், பெரிய பெரிய தத்துவக்காரர்கள் தாடி வளர்த்துத் தேடியதை என் மருமகள் ஒரு கடைக் கதவோரம் கையில் பேனாவோடு சொல்லிவிட்டாள்.

அவரை அசையவிடாமல், அவருடைய வலது பக்கம் நின்றபடியே அவள் மிச்சத்தை வரைந்தாள். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. மனுஷன் நாள் முழுக்க முறுக்குவது இடது மீசையை மட்டும்தான். வலது கை எப்போதும் யாராவது ஒருவரின் வாய்க்குள் இருக்கும். வலது மீசை வாடிய முருங்கைக்காய் போலத் தொங்கியது. அவள் அதையும் அப்படியே தொங்கவிட்டாள்.

“அதை நிமிர்த்திடும்மா” என்றார் மெதுவாக.

“முடியாதுப்பா. இருக்கறதைத்தான் வரைவேன்.”

முந்தின நாள் முதுகைக் காட்டிக் காரியத்தைச் சாதித்தவர், இன்று அலமாரியைப் பார்த்தபடியே அடங்கி நின்றார். எனக்கு விசில் அடிக்கவேண்டும் போல இருந்தது. தெரியாததால் விட்டேன்.

மை காய்ந்ததும் அந்த முகத்தைப் பழைய பின்பக்கத்தின் மேல் பசைக் குச்சியால் ஒட்டினாள். ஓரம் ஓரமாக விரல் நகத்தால் நீவினாள். நீர்ப் பசையாக இருந்தால் தாள் நெளிந்து அவர் கூன் விழுந்திருப்பார். நிற்க வைத்தோம், வாஷர் கனத்தில் சம்பந்தி ஜம்மென்று நின்றார். முன்னால் வண்ணத்தில் மச்சமும் நிமிர்ந்த மீசையும், பின்னால் கறுப்பு வெள்ளையில் மொட்டைக் கன்னமும் தொங்கல் மீசையும். இரண்டு பக்கமிருந்தும் ஒரே திசையைப் பார்த்தார்.

தேர்வுக்காரம்மா டீக் கோப்பையோடு வந்தாள். உட்காராமல் மேசையை ஒரு சுற்றுச் சுற்றினாள். காவல்காரரைத் திருப்பினாள், பார்வையும் திரும்பியது. பிறகு நிஜக் காவல்காரரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். அவர் பழக்கதோஷத்தில் இன்னும் அலமாரியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

“மீசைகூட அப்படியே இருக்கே” என்றாள்.

“எல்லாம் ஒரிஜினல்” என்றார் சம்பந்தி, ஒரு மாதிரிப் பெருமையோடு.

ஆட்டத்தை முதலிலிருந்து ஆடினோம். இந்தத் தடவை வாக்குவாதமே வரவில்லை. நான் உண்டாக்கிப் பார்த்தும் வரவில்லை. கடைசியில் அவர் திரும்பிய ஒரே திருப்பில் நான் மாட்டிக்கொண்டேன். வாசல் ஒரு கட்டம்தான் பாக்கி. வாழ்க்கையில் தோற்று இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இதற்கு முன் தோற்றதே இல்லை என்பதால் ஒப்பிடவும் வழியில்லை.

தேர்வுக்காரம்மா பேனாவின் மூடியைத் திறந்தாள். “இதை நாங்க எடுத்துக்கறோம். ஒரு நிபந்தனை. எல்லா ஆளுக்கும் இதே மாதிரி ரெண்டு பக்கம் வேணும். பிம்பம் வேண்டாம், நிஜமான மறுபக்கம். இந்தக் காவல்காரரை இப்படியே மாதிரிக்குக் கொடுங்க.”

மருமகள் தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்குப் பதிலாகவும் சேர்த்து நான் பேசினேன் என்று கடைக்காரர் இன்றுவரை புகார் சொல்கிறார். இவள் என் மருமகள், என் பையனுக்கு இவளைப் பார்த்தது நான், இந்த மடிப்புக் கோடெல்லாம் என் கை, என் பின்பக்கம் வரையும்போது கொண்டையில் ஒரு ஊசி குத்தியிருக்கவேண்டும், அதில்தான் நான் பூட்டுத் திறப்பேன்… இப்படி.

காருக்கு நடக்கும்போது சம்பந்தி ஜன்னல் கண்ணாடிகளில் தன்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். மெல்ல வலது கை மேலே போனது. விரல்கள் தொங்கிய மீசையின் நுனியைத் தொட்டன.

“அப்பா!” என்றாள் மருமகள், திரும்பிப் பார்க்காமலே. “அச்சாகி வர்ற வரைக்கும் அதைத் தொடக்கூடாது.”

கை இறங்கிவிட்டது.